எக்கோ சரியாக இருக்கும்போது இதய எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு வயது 24. சளிக்காய்ச்சல் வந்து பத்தாம் நாள் கடுமையாக நெஞ்சு வலித்தது. இ.சி.ஜி.யில் மாற்றம், ட்ரோப்போனின் அதிகம், ஆனால் எக்கோவும் ஆஞ்சியோகிராமும் சரியாக இருக்கின்றன. இருந்தும் இதய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா? அவன் எப்போது மறுபடி கால்பந்து ஆடலாம்?

பதில்: அவசியம்தான். ட்ரோப்போனின் இதயத் தசைச் செல்களுக்குள் இருக்கும் புரதம். அச்செல்கள் சிதையும்போதுதான் அது இரத்தத்தில் கூடுகிறது. எக்கோவோ இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதைக் காட்டுமே தவிர, தசைக்குள் வீக்கம் இருக்கிறதா என்பதைத் தெளிவாகக் காட்டாது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இதயத் தசை அழற்சி பல நேரங்களில் திட்டுத்திட்டாகவே பரவுவதால், மீதித் தசை ஈடுகொடுத்துச் சுருங்கி, எக்கோ இயல்பாகவே தெரியலாம். இதயத்தின் வலு குறையவில்லை என்ற அளவில் அது நல்ல செய்தி. நோய் இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

ஆஞ்சியோகிராம் சரியாக இருப்பதால் இரத்தக் குழாய் அடைப்பு என்ற முதல் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. எஞ்சிய ஐயத்தைத் தீர்ப்பது எம்.ஆர்.ஐ. தசையில் நீர் கோத்திருக்கும் இடத்தை அது காட்டும். இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் கடோலினியம் மருந்து, சிதைந்த பகுதியில் தங்கிப் பளிச்சென்று தெரியும். மாரடைப்பின் சிதைவு உள்விளிம்பில் தொடங்கி ஒரு குழாயின் எல்லைக்குள் அமையும். வைரஸ் அழற்சியோ பெரும்பாலும் வெளிவிளிம்பிலோ தசையின் நடுவிலோ, குறிப்பாகப் பக்கச் சுவரில், குழாய்களின் எல்லையைப் பொருட்படுத்தாமல் இருக்கும். நீர்க்கோவை சில வாரங்களில் வடிந்துவிடும் என்பதால், வலி தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் எடுப்பதே நல்லது. தள்ளிப்போட்டால் தடயம் மங்கிவிடும். தசைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது, இதயத்தின் வலு வேகமாகச் சரிபவர்களுக்கும் ஆபத்தான துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குமே பெரும்பாலும் தேவைப்படும்.

கால்பந்தை வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை நிறுத்திவைக்கச் சொல்வோம். அழற்சியுள்ள தசை, கடும் உழைப்பின்போது கீழறைகளில் அபாயகரமான துடிப்பைத் தூண்டக்கூடும். வலி போய்விட்டது என்பதால் அந்த ஆபத்தும் போய்விட்டதாகக் கொள்ள முடியாது. பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். திரும்புமுன் ட்ரோப்போனின், எக்கோ, 24 மணி நேர இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் பதிவு, டிரெட்மில் சோதனை ஆகியவை இயல்பாக இருக்க வேண்டும். பல மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ.யையும் மறுபடி எடுப்பார்கள். அதில் தழும்பு எஞ்சியிருந்தால், அதன் அளவையும் ஹோல்டர் பதிவையும் சேர்த்துப் பார்த்தே ஆட அனுமதிப்பார்கள்.

இடைப்பட்ட காலத்தில் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கித் தர வேண்டாம். மயக்கம், தாறுமாறான படபடப்பு, படுத்தால் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் மறுநாள் சந்திப்புக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.