ஆறு பேர் வகுப்பின் சராசரி: கேள்வி பதில்

சென்ற ஆண்டு எங்கள் பத்தாம் வகுப்பில் ஆறு பேர். கணக்கில் சராசரி 58. இந்த ஆண்டும் ஆறு பேர், சராசரி 48. ஆசிரியர் அவரேதான். ஆய்வுக் கூட்டத்தில் விளக்கம் கேட்கிறார்கள். என்ன சொல்வது? (தலைமையாசிரியர், கிராமப் பள்ளி)

நீங்கள் அனுப்பிய பட்டியலையே கூட்டத்தில் வையுங்கள். சென்ற ஆண்டு 38, 45, 52, 58, 64, 91. இந்த ஆண்டு 31, 38, 46, 51, 58, 64. முதல் ஐந்து பேரின் இடத்தில் ஏறக்குறைய அதே தரத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். 91 வாங்கிய பிள்ளைக்கு இணையாக இந்த ஆண்டு எவரும் இல்லை. அந்த இடத்தில் 31 வாங்கிய பிள்ளை இருக்கிறது. அந்த ஒரு நாற்காலியில் மட்டும் 60 மதிப்பெண் போய்விட்டது. அதை ஆறால் வகுத்தால் பத்து. அறுபது பேர் வகுப்பில் இதே மாற்றம் நடந்திருந்தால் சராசரி ஒரே ஒரு மதிப்பெண்தான் இறங்கியிருக்கும். எவரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பொதுவான அளவும் சொல்கிறேன். ஒரு பாடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி 15 அளவுக்குச் சிதறியிருந்தால், அந்த 15ஐப் பிள்ளைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வகுப்பின் சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பது கிடைக்கும். ஆறு பேருக்குச் சுமார் 6. அறுபது பேருக்குச் சுமார் 2. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டு ஆண்டுகளின் ஆட்டமும் சேர்வதால், ஆறு பேருக்கு அது 9 அருகில் போகிறது. கற்பித்தலில் எதுவுமே மாறாவிட்டாலும் பத்து மதிப்பெண் வித்தியாசம் வரக்கூடியதே. சராசரியைப் படிக்கும் முன் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

ஆறு பேரும் தேர்வு எழுதிவிட்டார்கள். இது மாதிரிக் கணக்கெடுப்பு அல்ல. 48 என்பது துல்லியமான எண். இதில் பிழை எங்கிருந்து வந்தது? (கணிதப் பட்டதாரி)

பாதி சரி. அந்த ஆறு பேர் எவ்வளவு வாங்கினார்கள் என்று மட்டும் கேட்டால் 48 முழு உண்மை. ஆனால் கூட்டத்தில் கேட்டது அதுவல்ல. ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்று கேட்டார்கள். அதே ஆசிரியரிடம் அடுத்த ஆண்டு வேறு ஆறு பேர் வருவார்கள். யார் எந்த ஆண்டில் பிறந்தார்கள், எந்தக் குடும்பம் ஊர் மாறியது என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. அந்த வகையில் இந்த ஆறு பேரும் மாதிரிதான்.

எங்கள் பள்ளி நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை நூறு சதவீதத் தேர்ச்சி. சின்ன வகுப்பே நல்லது என்பதற்கு இது சான்று அல்லவா? (ஆசிரியை, ஏழு பேர் வகுப்பு)

ஒவ்வொரு பிள்ளையும் தேறும் வாய்ப்பு பத்துக்கு ஒன்பது என்று வையுங்கள். ஏழு பேரும் தேறும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. நான்கில் இரண்டு முறை என்பது அதோடு பொருந்துகிறது. அதே வாய்ப்புள்ள அறுபது பேர் வகுப்பில் எல்லாரும் தேறுவது ஆயிரத்தில் இரண்டு முறைகூட நடக்காது. உங்கள் உழைப்பை நான் மறுக்கவில்லை. இந்த எண் அதற்குச் சான்றாகாது, அவ்வளவுதான்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் பென்சில்வேனியாவில் 1,662 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண்களைப் பார்த்தார். உச்சியில் இருந்த 50 பள்ளிகளில் ஆறு, மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. தற்செயலாக ஒன்றிரண்டுதான் இருந்திருக்க வேண்டும். உச்சியை மட்டும் பார்த்தவர்கள் சிறிய பள்ளிகளைக் கொண்டாடினார்கள். அடிமட்டத்து 50இல் சிறிய பள்ளிகள் ஒன்பது இருந்தன. பட்டியலின் இரு முனைகளையும் பாருங்கள், எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

என் மகளை எட்டுப் பேர் படிக்கும் பள்ளியிலிருந்து மாற்றலாமா? (பெற்றோர்)

அது சராசரியால் தீரும் கேள்வி அல்ல. வகுப்பாசிரியரிடம் அவளுடைய நோட்டைக் கேட்டுப் பாருங்கள்.

எங்களிடம் எட்டுப் பேர், சராசரி ஒன்பது குறைந்தது. இதற்கும் அதே விடையா?

அதே விடைதான். முதல் கேள்வியின் பதிலில் ஆறுக்குப் பதில் எட்டைப் போட்டுப் பாருங்கள்.

சராசரிக்குப் பதில் நடு மதிப்பெண்ணை எடுத்தால் போதுமே?

91 போன்ற ஒற்றை மதிப்பெண்ணின் இழுப்பு குறையும். மேலே உள்ள பட்டியலில் நடு மதிப்பெண் 55இலிருந்து 48.5க்குத்தான் இறங்குகிறது. ஆனால் ஆறு பேரின் நடுவும் ஆடும். மூன்று ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பதினெட்டாக்கினால் ஆட்டம் 6இலிருந்து மூன்றரைக்குக் குறையும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு பிள்ளைகள் வேண்டும்.

மீண்டும் நான்தான். அப்படியானால் சின்ன வகுப்பு ஆசிரியர் எதற்குமே பதில் சொல்ல வேண்டாமா? கணித ஆசிரியர் பணியிடம் ஆறு மாதம் காலியாக இருந்தாலும் தற்செயல் என்பீர்களா? (கணிதப் பட்டதாரி)

இந்தக் கேள்வி என் கணக்கின் பலவீனமான இடத்தைத் தொடுகிறது. பிள்ளைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றுக்கொன்று தொடர்பற்றது என்று அது எடுத்துக்கொள்கிறது. காலிப் பணியிடமும் கடினமான வினாத்தாளும் எல்லாரையும் ஒன்றாகத் தாக்கும். அறுபது பேர் இருந்தாலும் அந்தத் தாக்கம் குறையாது. எனவே பெரிய வகுப்பின் ஆட்டத்தையும் நான் சொன்ன 2 குறைத்தே காட்டுகிறது.

இரண்டையும் பிரிக்க வகுப்புத் தேர்வின் விடைத்தாள்களைப் பாருங்கள். ஆறு பேரும் வடிவியல் கணக்கைத் தொடாமல் விட்டிருந்தால் அந்தப் பாடம் நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒருவர் மட்டும் எல்லாவற்றிலும் விழுந்திருந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் வெவ்வேறு இடங்களில் தவறியிருந்தால் என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது; அடுத்த ஆண்டுப் பட்டியலையும் அனுப்புங்கள்.