மாதம் ஆறாயிரம் கொள்முதல் பில்: எதை நம்புவது, எதைக் கையால் பார்ப்பது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கிளையண்ட்டுகள் அனுப்பும் கொள்முதல் பில் மாதம் ஆறாயிரம் வரும், எல்லாம் பிடிஎஃப். பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதினேன். நடுவில் ஏதோ ஒரு பில்லில் நின்றுவிடுகிறது. ஓடி முடிந்தாலும் தேதியும் தொகையும் பில்லுக்குப் பில் வேறு மாதிரி வருகின்றன. எதை நம்புவது, எதைக் கையால் பார்ப்பது?

பதில்: ஸ்கிரிப்டை இன்னும் கெட்டிக்காரத்தனமாக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் ஒதுக்கிவைக்கத் தெரிந்தால் போதும். அதற்கு முதல் தேவை ஒரு பதிவேடு.

எஸ்க்யூலைட்டில் ஒரு டேபிள் போடுங்கள், ஒரு கோப்புக்கு ஒரு வரி. கோப்பின் பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். `scan001.pdf` என்ற பெயரில் நாலு பேர் அனுப்புவார்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் SHA-256 மதிப்பே அடையாளம். ஒரே கோப்பு மெயிலில் ஒரு பெயரிலும் வாட்ஸ்அப்பில் வேறு பெயரிலும் வந்தாலும் அது ஒரே வரியில்தான் விழும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிலை: `NEW`, `OK`, `EXCEPTION`. இருநூறு இருநூறாக எடுத்து ஓட்டுங்கள், ஒவ்வொரு பில் முடிந்ததும் அதன் நிலையை எழுதிவிடுங்கள். கரண்ட் போனாலும் மறுபடி ஓட்டும்போது `NEW` மட்டும் எடுக்கப்படும். ஒரு பில்லில் பிழை வந்தால் அதைப் பிடித்து, காரணத்தோடு `EXCEPTION` என்று பதிந்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பிழையைப் பிடித்துச் சும்மா விட்டுவிடும் `pass` மட்டும் கூடவே கூடாது. ஓட்டம் முடிந்ததும் `OK` எண்ணிக்கையும் `EXCEPTION` எண்ணிக்கையும் சேர்ந்து, வந்த கோப்புகளின் எண்ணிக்கைக்குச் சரியாக வர வேண்டும், ஒரே கோப்பு இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் தொகுப்பை ஏற்காதீர்கள்.

அடுத்தது வெளியீட்டின் வடிவம். தேதி எப்போதும் `2025-04-03` மாதிரி. தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே வையுங்கள். கிடைக்காத தொகைக்கு 0 போடாதீர்கள், வெறுமையாக விடுங்கள். வரி இல்லை என்பதும் வரியைப் படிக்க முடியவில்லை என்பதும் ஒன்றல்ல. பில் எண் எழுத்தாகவே இருக்கட்டும். கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால் `00417` என்பது 417 ஆகும், `3-12` ஒரு தேதியாகிவிடும். இறக்குமதி செய்யும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.

இனி பரிசோதனைகள். ஜிஎஸ்டி பில்லில் நமக்கு ஒரு நல்ல வசதி, அது தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண், பதினான்காம் இடத்தில் பொதுவாக `Z`, கடைசியில் சரிபார்ப்புக் குறி. அந்தப் பத்தில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் இலக்கம், கடைசி ஒன்று எழுத்து.

ஸ்கேன் செய்த பில் ஒன்றில் `33ABCDEI234F1Z7` என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (கற்பனை எண்தான்). எட்டாம் இடத்தில் `I` இருக்க முடியாது, அங்கே இலக்கம்தான் வரும். எனவே 1 என்று மாற்றிப் பார்க்கலாம். மாற்றியது சரியா என்பதைக் கடைசிக் குறி சொல்லும். முதல் பதினான்கு குறிகளுக்கும் 0 முதல் 35 வரை மதிப்பு (`A` என்றால் 10, `Z` என்றால் 35). இடமிருந்து மாறி மாறி 1, 2 ஆல் பெருக்கி, ஒவ்வொரு பெருக்குத்தொகையையும் 36 ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். திருத்திய எண்ணுக்கு மொத்தம் 173 வருகிறது. 36 ஆல் வகுத்தால் மீதி 29, அதை 36 இல் கழித்தால் 7. கடைசிக் குறியும் 7. திருத்தம் சரி. ஒரே ஒரு குறி தவறியிருந்தால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று தவறினால் அபூர்வமாகத் தப்பலாம்.

தொகையும் அப்படித்தான். வரிக்கு முந்தைய மதிப்பு 18,450.00, சிஜிஎஸ்டி 1,660.50, எஸ்ஜிஎஸ்டி 1,660.50, மொத்தம் 21,771.00. கூட்டினால் சரியாக வருகிறது, இரண்டு வரியும் சமமாக இருக்கின்றன, விகிதம் 9 சதவீதம். புள்ளி விழுந்து 166050 என்று படித்திருந்தால் கூட்டல் உடனே உடையும். ரவுண்ட் ஆஃப் இருப்பதால் மொத்தத்தில் ஒரு ரூபாய் வித்தியாசத்தை விட்டுவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். லாரி வாடகை தனியாகச் சேர்த்த பில்கள் இதில் மாட்டும், மாட்டட்டும்.

எக்செப்ஷன் வரிசையைத்தான் பலர் குப்பைத்தொட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள். வெறுமனே "எரர்" என்று எழுதினால் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. `NO_TEXT`, `GSTIN_CHECK`, `TOTAL_MISMATCH`, `DUPLICATE` என்று காரணம் வேண்டும். படித்த மதிப்பும் பக்க எண்ணும் கூடவே வேண்டும். அப்புறம் இதை ஓட்டுங்கள்:

```sql
SELECT reason, vendor, COUNT(*) AS n
FROM bills WHERE status = 'EXCEPTION'
GROUP BY reason, vendor ORDER BY n DESC;
```

விற்பவர் பெயரே படிக்க முடியாதவை பெயர் வெறுமையாக, காரணத்துக்கு ஒரு குவியலாக வரும். மற்றவற்றில் மேலே நிற்பது பெரும்பாலும் ஒரே நூல் மில்லோ ஒரே சாயக்காரரோதான். அவர்கள் பில்லிங் சாஃப்ட்வேர் மாற்றியிருப்பார்கள். அந்த ஒரு வடிவத்துக்கு விதி எழுதினால் ஒரு குவியலே கரைந்துவிடும். தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதைக் கையால் முடிப்பதுதான் லாபம், அவற்றுக்கெல்லாம் கோட் எழுதிக்கொண்டிருந்தால் மாதம் முடிந்துவிடும். `NO_TEXT` என்றால் அது வெறும் படம், ஓசிஆர் செய்து `NEW` ஆக்கி மறுபடி அனுப்புங்கள்.

கையால் திருத்துவதை முடிவுக் கோப்பில் நேரடியாகச் செய்யக் கூடாது. திருத்தங்களுக்குத் தனி டேபிள், யார் எதை மாற்றினார் என்ற குறிப்போடு. திருத்திய பில்லும் அதே பரிசோதனைகள் வழியாகத்தான் `OK` ஆக வேண்டும். மனிதர்களும் புள்ளியை விடுவார்கள்.

`DUPLICATE` பற்றி ஒரு வார்த்தை. ஒரே பில்லை இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் SHA-256 வேறு வேறாக இருக்கும். அதைப் பிடிக்க விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், நிதியாண்டு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக் கூடாது என்பது விதி.

எல்லாப் பரிசோதனையும் தாண்டித் தவறாக இருக்கும் பில்களும் உண்டு. பில்லில் இரண்டு ஜிஎஸ்டி எண் இருக்கும், ஒன்று விற்பவருடையது, மற்றது உங்கள் கிளையண்டுடையது. ஸ்கிரிப்ட் இரண்டாவதை எடுத்தால் சரிபார்ப்புக் குறியும் பொருந்தும், தொகையும் பொருந்தும். உங்கள் கிளையண்ட்டுகளின் எண் விற்பவர் நெடுவரிசையில் வந்தால் அதற்கும் ஒரு காரணப் பெயர் வைத்து ஒதுக்குங்கள். கிளையண்ட்டுகளுக்குள்ளேயே வாங்கி விற்பவர்கள் இருந்தால் அந்தப் பில்களும் இதில் வரும், அவற்றைக் கண்ணால் பார்த்து விடலாம். புதிதாக வரும் விற்பனையாளரின் முதல் சில பில்களை `OK` ஆனாலும் பிரித்துப் பாருங்கள்.

கடைசியாக `OK` பட்டியலை ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒப்பிடுங்கள். அது விற்பவர் தாக்கல் செய்ததிலிருந்து வருவது, உங்கள் ஸ்கிரிப்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பில் எண்ணில் ஒரு கோடோ சாய்கோடோ மட்டும் வித்தியாசப்பட்டுத் தொகை ஒன்றாக இருந்தால், ஒப்பிடும்போது மட்டும் அந்தக் குறிகளை நீக்கிப் பாருங்கள், பதிவேட்டில் பில்லில் உள்ளபடியே இருக்கட்டும். நம்மிடம் இருந்து அங்கே இல்லாத பில் என்றால் ஸ்கிரிப்டைத் துருவ வேண்டாம், முதலில் விற்பவருக்குப் போன் போடுங்கள். அவர் இன்னும் தாக்கல் செய்யாமல் இருக்கலாம்.