கார்பிமசோல் எடுப்பவருக்கு டி.எஸ்.எச். ஏன் உடனே உயர்வதில்லை?

கேள்வி: தைராய்டு அதிகம் என்று ஆறு வாரங்களாகத் தினமும் 20 மி.கி. கார்பிமசோல் எடுக்கிறேன். ஃப்ரீ டி4 அளவு 4.2-லிருந்து 1.0-க்கு வந்துவிட்டது, டி.எஸ்.எச். மட்டும் இன்னும் 0.01-தான். அப்படியிருந்தும் மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். தைராய்டு குறைவுள்ள என் அக்காவுக்கு டி.எஸ்.எச்.-ஐப் பார்த்துத்தான் அளவை மாற்றுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்கள் மருத்துவர் செய்தது சரியே. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சுரப்பது, இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது உயரும், மிகுந்தால் தாழும். அக்கா எடுக்கும் லெவோதைராக்சின், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனேதான்; உடல் தேவைக்கேற்ப அதை டி3-ஆக மாற்றிக்கொள்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ ஒரு வாரம் என்பதால், புதிய அளவு இரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரங்கள் ஆகின்றன. ஆகவே 6 முதல் 8 வாரங்கள் கழித்தே டி.எஸ்.எச். பார்க்கிறார்கள். அவருடைய பிட்யூட்டரி நலமாக இருக்கும்வரை அதைவிட நுட்பமான அளவுகோல் இல்லை.

கார்பிமசோல் உடலுக்குள் மெத்திமசோலாக மாறி, தைராய்டு சுரப்பியில் அயோடினைச் சேர்த்து ஹார்மோனை உருவாக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. புதிய உற்பத்தி குறையுமே தவிர, சுரப்பியில் ஏற்கெனவே சேமித்துவைக்கப்பட்ட ஹார்மோன் தீரும்வரை இரத்த அளவு இறங்காது. அதற்கே சில வாரங்கள் பிடிக்கும். அதன் பிறகும், நெடுநாள் ஹார்மோன் மிகுதியால் அடங்கிக்கிடந்த பிட்யூட்டரி மீண்டும் சுரக்கத் தொடங்க மேலும் வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகலாம்.

பல ஆய்வகங்களில் ஃப்ரீ டி4-இன் இயல்பு வரம்பு ஏறத்தாழ 0.8 முதல் 1.8 வரை. உங்களுடைய 1.0 அதன் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதுவும் வேகமாக இறங்கி வந்த எண். தாழ்ந்த டி.எஸ்.எச்.-ஐ நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால், அடுத்த பரிசோதனைக்குள் நீங்கள் தைராய்டு குறைவுக்கே போயிருக்கக்கூடும். சோர்வும் எடைக் கூடுதலும் வருவதோடு, கழுத்தில் வீக்கமும் பெரிதாகலாம். ஆனால் ஒன்று: டி4 இயல்பாகியும் டி3 உயர்ந்தே நிற்பவர்கள் உண்டு, அவர்களுக்கு இப்படிக் குறைக்கக் கூடாது. எனவே உங்கள் டி3-உம் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். அடுத்த பரிசோதனை 4 முதல் 6 வாரங்களில் போதும். டி.எஸ்.எச். உயரத் தொடங்கிய பின் உங்களுக்கும் அது நம்பத்தக்க வழிகாட்டியாகிவிடும்.

இவ்வெண்களைவிட அவசரமானது ஒன்றுண்டு. இம்மருந்து அரிதாகச் சிலருக்கு வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில், திடீரென்று. சென்ற வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தது என்பது இதற்குக் காப்பு ஆகாது. காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே வெள்ளணு எண்ணிக்கையைப் பாருங்கள். கண் மஞ்சளானாலும் சிறுநீர் கருத்தாலும் அவ்வாறே நிறுத்தி, கல்லீரல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.