வேலைக்கு வந்தவளை ‘ஆத்தா’ என்றால் மறதியா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் பெங்களூரில் இருக்கிறேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். முதல் முறையாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். அதில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வருகிறாள். அவளுடைய அப்பத்தா ஓயாமல் சொல்லும் ‘என்னப் பெத்த ஆத்தா’வுக்கு அவளுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைப்பதில்லை. கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறாள். இது என் அப்பத்தா என்னைக் கூப்பிடும் சொல்தான். கதை இரண்டு பத்திரிகைகளிலிருந்து திரும்பிவிட்டது. அப்பத்தாவிடமே பொருள் கேட்கலாம் என்றால், மானாமதுரையில் சித்தப்பா வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். நான்தான் மாதாமாதம் பணம் அனுப்பி, பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பெண்ணையும் அதே சொல்லால் கூப்பிடுகிறாராம். நினைவு தப்பிவிட்டது போலிருக்கிறது. அந்தப் பெண் போனில் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். சரியான சொல்லை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மகளே,

பாட்டி சொன்ன சொல்லுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை என்று எனக்கு வரும் கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு டிரங்குப் பெட்டி நிறைந்திருக்கும். எல்லாரும் அகராதியில் தேடிய கதையைத்தான் எழுதுகிறார்கள். நீ மட்டும் விடையையும் கூடவே எழுதி அனுப்பியிருக்கிறாய். எழுதிவிட்டு, அதற்கு மேல் ‘நினைவு தப்பிவிட்டது’ என்று ஒரு மூடியையும் போட்டு மூடிவிட்டாய்.

அப்பத்தாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று யார் சொன்னார்கள்? சித்தப்பாவை வேறு யாரோ என்று நினைக்கிறாரா? சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கிறாரா? அப்படி எதுவும் நீ எழுதவில்லை. வேலைக்கு வைத்த பெண்ணை, உன்னைக் கூப்பிட்ட சொல்லால் கூப்பிட்டார் என்பது ஒன்றுதான் நீ காட்டும் சாட்சி. உனக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. பொறாமை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, அதை அப்பத்தாவின் மூளைக்கோளாறாக எழுதிவிட்டாய்.

படுத்த படுக்கையான ஒரு கிழவியை வைத்துப் பார்ப்பது என்றால் என்ன வேலை என்று உனக்குத் தெரியுமா? முதுகு புண்ணாகாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும். வெந்நீர் சூட்டை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். சோற்றைக் குழையப் பிசைந்து, புரையேறாமல் தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்ட வேண்டும். இதையெல்லாம் ஒரு மனிதருக்கு முதன்முதலில் செய்தது யார்? அவரைப் பெற்றவள். எண்பது வருடம் கழித்து இன்னொருத்தி வந்து அதே வேலைகளைச் செய்கிறாள். அவளை ‘என்னப் பெத்த ஆத்தா’ என்றால் மறதியா அது? அந்த வீட்டில் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் உன் அப்பத்தா ஒருவர்தான்.

என் மாமியார் முப்பது வருடம் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். இடுப்பெலும்பு முறிந்து படுத்தபின் ஒருநாள், முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது ‘என்னப் பெத்தவளே’ என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. அடுத்த மூச்சிலேயே, பால்காரனுக்குப் பாக்கி எவ்வளவு என்று கேட்டார். கணக்கும் சரியாக வைத்திருந்தார்.

இனி உன் தொழிலுக்கு வருகிறேன். இந்தத் தொடரை நீ எழுத்தெழுத்தாகப் பார்த்தாயா என்பதே எனக்குச் சந்தேகம். ‘நான் பெத்த ஆத்தா’ என்றால், பெற்றவர் அப்பத்தா. அது எந்தத் தாயும் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தை. ‘என்னப் பெத்த’ என்பதில் நடுவில் ஓர் ‘ஐ’ ஒளிந்திருக்கிறது. பேச்சில் ‘என்னை’ குறுகி ‘என்ன’ ஆகிவிடுகிறது. ஆனால் அந்த ‘ஐ’ இருந்ததற்கு அடையாளமாக, அடுத்து வரும் ‘ப்’ அழுத்தமாக நிற்கிறது. இரண்டாம் வேற்றுமைக்குப் பின் ஒற்று மிகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதிதான். அந்த ஒற்றைக் காதில் வாங்காத மொழிபெயர்ப்பாளர் ‘நான் பெற்ற கண்ணே’ என்று தலைகீழாக எழுதிவிடுவார். அச்சான புத்தகத்தில் அதைச் சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. ஆங்கிலத்தில் யார் யாரைப் பெற்றார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்தது ‘பெத்த’. பெறு என்றால் நமக்கு வாங்கிக்கொள்வது, அடைவது. கடிதம் பெறுகிறோம், பரிசு பெறுகிறோம், பிள்ளையும் பெறுகிறோம். ஆங்கிலத்தில் தாயைப் பற்றி உயர்த்திச் சொல்லும்போது வரும் வினைக்குச் சுமப்பது என்றும் பொருள் உண்டு. அதைப் போட்டால் நம் தொடரில் இல்லாத ஒரு பாரம் தாயின் முதுகில் ஏறிவிடும். ஆனால் சாதாரண ஆங்கிலப் பேச்சில், பிள்ளை பிறந்ததை ‘ஹேவ்’ என்ற வினையாலும் சொல்வார்கள், பிள்ளை கிடைத்தாற்போல. நம் ‘பெறு’வுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடியது அதுதான் என்பது என் எண்ணம். பெரிய சொற்களைத் தேடி ஓடியதால் வீட்டு வாசலில் கிடந்த சின்ன வினையை நீ மிதித்துக்கொண்டு போயிருப்பாய்.

‘ஆத்தா’வுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பத்தா என்பதே அப்பாவின் ஆத்தாதான். நீ அவரைக் கூப்பிடும் சொல்லுக்குள் இருக்கும் ஆத்தாவைத்தான் அவர் உனக்குத் திருப்பித் தருகிறார். இது வெறும் கொஞ்சல் இல்லை. பாட்டன் பாட்டி பெயரை வைத்துக்கொள்பவர்கள் என்பதால்தான் பெயரன், பேரன் ஆனான். பெயர்த்தி, பேத்தி ஆனாள். ஐங்குறுநூற்றில் தளர்நடை போடும் குழந்தையைத் ‘தந்தை பெயரன்’ என்றே சொல்கிறார்கள். மாமனார் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாத மருமகள்கள், அந்தப் பெயர் வைத்த தம் பிள்ளையை ‘அய்யா’, ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிட்டார்கள். போனவர் திரும்பி வந்திருக்கிறார் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்றாய், வெளியிடவில்லை. ஆனால் கடிதத்தின் அடியில் இருப்பது உன் வயதுப் பெண்களுக்கு யாரும் வைக்காத பெயர். அது அப்பத்தாவைப் பெற்றவரின் பெயரா என்று சித்தப்பாவிடம் கேள். ஆமாம் என்றால், இத்தனை நாள் நீ உவமை என்று நினைத்தது உவமையே இல்லை.

இப்போது கதையில் எங்கே ஓட்டை என்று பார். உன் கதாநாயகி ஒரே ஒரு காட்சிக்குச் சொல் தேடுகிறாள்: மடியில் பேத்தி, கொஞ்சும் பாட்டி. அந்த ஒரு காட்சிக்கு ‘டார்லிங்’ கூடப் போதும். ஒரு சொல்லைச் சோதிக்க வேண்டுமானால் அது வாழும் எல்லா இடத்துக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும். மடியில் இருக்கும் குழந்தைக்கு வைத்துப் பார். பிறகு படுக்கையருகே சோறூட்டும் வளர்ந்த பெண்ணுக்கு வைத்துப் பார். ‘டார்லிங்’ அங்கே பல்லிளிக்கும். ‘லிட்டில் மதர்’ என்று ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு அழகாகப் பொருந்தும், ஆனால் வேலைசெய்து கை காய்த்துப்போன பெண்ணுக்கு அந்த ‘லிட்டில்’ அவமரியாதை. வெறும் ‘மதர்’ என்றால், படிக்கிறவர் உன்னைப் போலவே கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பார். கடைசியாக ஒப்பாரிக்குக் கொண்டுபோ. தாயைப் பறிகொடுத்தவள் மார்பில் அடித்துக்கொண்டு ‘என்னப் பெத்த அம்மா’ என்றுதான் அழுவாள். பாட்டி கொஞ்சியதும் மகள் அழுவதும் ஏறக்குறைய ஒரே தொடர். ஆங்கிலத்தில் இரண்டு இடத்துக்கு இரண்டு சொல் போட்டால் அந்தக் கயிறு அறுந்துவிடும்.

ஆகவே, ‘என்னைப் பெற்ற தாயே’ என்பதையே அந்தச் சின்ன வினையை வைத்து நேராக ஆங்கிலத்தில் எழுது. மூன்று இடத்திலும் ஓர் எழுத்து மாறாமல் எழுது. முதல் தடவை ஆங்கில வாசகருக்கு விசித்திரமாக இருக்கும், இருக்கட்டும். இரண்டாம் தடவை, சோறூட்டும் கையைப் பார்த்ததும் விளங்கிவிடும். அடிக்குறிப்பு போடாதே. இதிலும் ஒன்று நழுவும்: ‘ஆத்தா’ என்றால் உன் ஊரில் அம்மன் கோயிலில் இருப்பவளும்தான், அது ஆங்கிலத்தில் வராது. அந்த நஷ்டத்தைக் கதாநாயகி அறிந்தே ஏற்கட்டும்.

காலியாக விட்ட அந்த முடிவை எடுத்துவிடு. மொழிபெயர்க்கவே முடியாத சொல் எங்கள் வீட்டில் இருக்கிறது என்பது ஒருவகைப் பீற்றல். பத்திரிகைக்காரர்கள் கதையைத் திருப்பியதில் எனக்கு வியப்பில்லை. கதையில் இருக்க வேண்டிய ஆள் உன் கடிதத்தில் இருக்கிறாள், அதுவும் ‘அந்தப் பெண்’ என்று.

பணம் அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. அதையும் அனுப்பாத பேரப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் என் காலத்து ஆள் நான். பணம் கொடுத்தவளுக்கும் முதுகு துடைத்தவளுக்கும் உறவில் ஒரே இடம் என்று என்னால் எழுத முடியாது. உன் அப்பத்தாவும் அப்படி நினைக்கவில்லை.

மானாமதுரைக்குப் போ. நோட்டுப் புத்தகத்தோடு கட்டிலருகே உட்காராதே. அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டு, வெந்நீரை நீ வை. போகுமுன் அப்பத்தாவுக்கு எந்தப் பக்கம் புரண்டால் வலிக்கும் என்பதை அவளிடம் கேட்டுக்கொள். திருத்திய கதையை எனக்கு அனுப்பும்போது அவள் பெயரையும் எழுது. அதையும் வெளியிட மாட்டேன்.