டப்பாவில் ஏறிய குழம்பு வாடையும் ஆரஞ்சுக் கறையும்

கேள்வி: பிளாஸ்டிக் லஞ்ச் பாக்ஸில் குழம்பு எண்ணெய் வாடையும் ஆரஞ்சுக் கறையும் எத்தனை முறை கழுவினாலும் போக மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

டப்பாவைக் குழாயடியில் காட்டுவதற்கு முன்னால் எண்ணெயை எடுத்துவிடுங்கள். மிளகாய், மஞ்சள், தக்காளி மூன்றின் நிறமும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். பிளாஸ்டிக்கும் எண்ணெயோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வெறும் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது.

டப்பா ஈரமில்லாமல் இருக்கும்போதே டிஷ்யூ காகிதத்தால் அழுத்தித் துடையுங்கள். காகிதம் ஆரஞ்சாக மாறும். நிறம் ஏறாமல் வரும்வரை புதிதாக எடுத்துத் துடைக்கலாம். அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் சில சொட்டு விட்டு, மூலை முடுக்கெல்லாம் விரலால் தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். உள்பக்கம் விரலை இழுத்தால் கிரீச்சென்று சத்தம் வர வேண்டும். வழுக்கினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பச் செய்யுங்கள். கம்பி நார் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த கறை குடியேறும்.

இவ்வளவு செய்தும் வாடை அடித்தால் மூடியைப் பாருங்கள். அதிலுள்ள ரப்பர் வளையத்தை ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்தால், அடியில் உள்ள பள்ளத்தில் பழுப்பாக ஒரு பிசுக்கு இருக்கும். பெரும்பாலும் வாடை அங்கிருந்துதான் வருகிறது. பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஒரு கப் வெந்நீருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா என்ற அளவில் கலந்து, வளையத்தையும் டப்பாவையும் ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். சோடா பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். சோடாவின் காரத்தன்மையில் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், அலசினால் பழையபடி ஆகிவிடும்.

கறைக்கு வெயில்தான் மருந்து. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், மிளகாய்ச் சிவப்பும் மெல்ல வெளுக்கும். எண்ணெய் போன டப்பாவைத் திறந்து, கறை வெயிலைப் பார்க்கும்படி வையுங்கள். வெயில் நகர நகர டப்பாவையும் திருப்பி வைக்க வேண்டும். லேசான கறை ஓரிரு நாளில் போய்விடும். பழைய கறைக்குப் பல நாள் ஆகலாம். பிளீச் பக்கம் போக வேண்டாம் என்பேன். போனாலும் வினிகரோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

உள்ளே வெள்ளையாகச் சொரசொரப்பாக இருக்கும் இடம் மட்டும் சரியாகாது. எண்ணெய்க் குழம்பை மைக்ரோவேவில் சுட வைத்ததன் அடையாளம் அது. எண்ணெய் கொதிநீரைவிட அதிகமாகச் சூடேறி அந்த இடத்தை இளக்கிவிடுகிறது. அப்படியான டப்பாவில் சாப்பாடு வைக்காதீர்கள். புது டப்பா வாங்கினால் குழம்பை ஆற விட்டு ஊற்றுங்கள், சூடு பண்ணுவதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.