துகள் எங்கே நிற்கும்?

அன்புள்ள ஐயா,

பள்ளிப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்துவிட்டு, இப்போது பெங்களூரில் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டேன். A என்ற நிலையான புள்ளிக்கு நேர் கீழே 1.2 மீட்டரில் B என்ற இன்னொரு நிலையான புள்ளி. A-யில் ஒரு சுருள்வில்லும் B-யில் ஒரு சுருள்வில்லும் கட்டப்பட்டிருக்கின்றன. மேல் சுருள்வில்லின் இயல்பு நீளம் 0.4 மீ, மாறிலி 100 நியூட்டன்/மீ. கீழ் சுருள்வில்லுக்கு 0.5 மீ, 50 நியூட்டன்/மீ. இரண்டும் 0.6 கிலோ துகள் ஒன்றில் இணைகின்றன. g = 10. ஒன்றன்கீழ் ஒன்று இருப்பதால் தொடரிணைப்பு என்று கொண்டு, 6 நியூட்டனை 33.3-ஆல் வகுத்து 18 செ.மீ. என்று எழுதினேன். விடை மேல் வில்லின் நீட்சி 14, கீழ் வில்லின் நீட்சி 16 செ.மீ. என்கிறது. எங்கே தவறினேன்?

கே., ராமமூர்த்தி நகர்

அன்புள்ள கே.,

படத்தைப் பார்த்தால் தொடரிணைப்பு போலத்தான் தெரியும். நானும் மாணவனாக இருந்தபோது இதே இடத்தில்தான் விழுந்தேன். தொடரிணைப்பு என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு வில்களிலும் ஒரே இழுவிசை இருக்க வேண்டும். இங்கே எடை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மேல் வில் துகளின் எடையையும் தாங்க வேண்டும், கீழ் வில்லின் இழுப்பையும் தாங்க வேண்டும். அதனால் இரண்டின் இழுவிசையும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

சூத்திரத்தைச் சற்று மறந்துவிட்டு, துகளை விரலால் ஒரு சென்டிமீட்டர் கீழே தள்ளுவதாக நினைத்துப் பாருங்கள். மேல் வில் ஒரு செ.மீ. கூடுதலாக நீள்கிறது, அதன் மேல்நோக்கிய இழுப்பு 1 நியூட்டன் கூடுகிறது. கீழ் வில்லின் நீட்சியோ அதே ஒரு செ.மீ. குறைகிறது, அதன் கீழ்நோக்கிய இழுப்பு அரை நியூட்டன் தளர்கிறது. கூடியதும் தளர்ந்ததும் துகளுக்கு ஒரே திசையில்தான் உதவுகின்றன. ஆக, ஒரு செ.மீ.க்கு 1.5 நியூட்டன். வில்கள் ஒரே கோட்டில் இருந்தாலும் அவற்றின் மாறிலிகள் கூடுகின்றன. துகளின் கண்ணுக்கு இது பக்க இணைப்பு.

இனிக் கணக்கு எளிது. முதலில் எடையே இல்லை என்று கொள்ளுங்கள். மொத்த இடைவெளி 1.2 மீ, இயல்பு நீளங்களின் கூடுதல் 0.9 மீ. மிச்சம் 30 செ.மீ. நீட்சியை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இழுவிசை சமமாக இருக்க, மேல் வில்லுக்கு 10 செ.மீ., அதன் பாதி விறைப்புள்ள கீழ் வில்லுக்கு 20 செ.மீ. இரண்டிலும் 10 நியூட்டன். இப்போது 6 நியூட்டன் எடையை மாட்டுங்கள். 6-ஐ 1.5-ஆல் வகுத்தால் துகள் 4 செ.மீ. இறங்குகிறது. மேலே 14, கீழே 16. துகள் A-க்குக் கீழே 54 செ.மீ.யில் நிற்கிறது. சரிபார்க்க: மேல்நோக்கி 14 நியூட்டன்; கீழ்நோக்கி 8-உம் 6-உம்.

நீங்கள் விட்டுவிட்டது அந்த 30 செ.மீ.யைத்தான். உங்கள் 18 செ.மீ. கணக்கில் B என்ற புள்ளிக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழ் முனை B-யில் கட்டப்பட்டிருக்கிறது என்ற தகவலைப் பயன்படுத்தாமலே ஒரு விடை வந்தால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

முடிந்தால் செய்து பாருங்கள். எஸ்.பி. ரோடு கடையொன்றில் இரண்டு இழுவில்கள் வாங்கி, அல்சூரில் நான் குடியிருந்த வீட்டின் கதவு நிலையில் கட்டிப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு தூக்கு; அதில் நட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, நிலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கோடுகள் ஏறத்தாழ சம இடைவெளியில் விழுந்தன. ஆனால் ஒரு வில்லை மட்டும் தனியாகத் தொங்கவிட்டு அளந்தபோது முதல் சில நட்டுகளுக்கு அது அசையவே இல்லை. இழுவில்லைச் சுற்றும்போதே சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்படி சுற்றுவார்கள். அந்த அழுத்தத்தை மீறிய பிறகே அது திறக்கும். எனவே எடையை நீட்சியால் வகுத்து மாறிலி காணாதீர்கள். வரைபடம் போட்டுச் சாய்வை எடுங்கள். அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியே போகாது.

எடையைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த பகுதி. துகள் 3 கிலோவாகும்போது 30 செ.மீ. முழுவதும் மேல் வில்லுக்கே போய்விடுகிறது; கீழ் வில் இயல்பு நீளத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் கீழே இருப்பது என்ன பொருள் என்று கேட்காமல் விடை எழுதக் கூடாது. 4.5 கிலோ என்று வையுங்கள். அமுங்கக்கூடிய சுருள்வில் என்றால் மேல் நீட்சி 40 செ.மீ.; கீழ் நீட்சி −10, அதாவது அது அமுங்கி 5 நியூட்டனால் துகளை மேலே தள்ளுகிறது. அதே இடத்தில் ரப்பர் கயிறு என்றால் அது தொய்ந்துவிடும். கயிறு தள்ளாது. 45 நியூட்டனையும் மேல் வில்லே தாங்கி, 45 செ.மீ. நீளும். சமன்பாடு இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். கீழ் நீட்சிக்குக் குறைக்குறி வந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். என் கதவு நிலையிலோ மூன்றாவது ஒன்று நடந்தது: சுற்றுகள் முன்பே ஒட்டியிருந்ததால் கீழ் வில் அமுங்க இடமில்லாமல் பக்கவாட்டில் வில்லாக வளைந்து நின்றது.