ஐந்து மார்க் இடைவெளியும் ஒரு மக்கன் பேடா டப்பாவும்

கேள்வி: ஒரே வகுப்பில் இரண்டு செக்‌ஷன். ஒன்றின் சராசரி இன்னொன்றைவிட 5 மார்க் அதிகம். இது நிஜமான வித்தியாசமா, தற்செயலா? எப்படித் தெரிந்துகொள்வது?

சராசரி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஒவ்வொரு செக்‌ஷனிலும் எத்தனை பேர், அவர்களுடைய மார்க் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது, இந்த இரண்டும் தெரிய வேண்டும். எனக்கு இது உறைத்தது ஒரு ஸ்டாஃப் மீட்டிங்குக்கு அப்புறம்தான்.

குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு ஏ செக்‌ஷன் எனக்கு, பி செக்‌ஷன் இன்னொரு டீச்சருக்கு. காலாண்டுத் தேர்வில் என் 36 பேரின் சராசரி 61.2. அவருடைய 34 பேரின் சராசரி 55.8. மீட்டிங்கில் ஹெச்.எம். அவரைப் பார்த்து, "ஏம்மா, அதே புக்கு, அதே கொஸ்டின் பேப்பர். அங்க வருது, இங்க ஏன் வரல?" என்று கேட்டதோடு நிற்காமல், எழுத்தில் விளக்கம் தரச் சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன். வெளியே வந்ததும் அந்த டீச்சர், "சார், நீங்களே சொல்லுங்க, அஞ்சு மார்க் ஒரு வித்தியாசமா?" என்றார். கணக்கு வாத்தியார் நான், பதில் தெரியாமல் நின்றேன்.

மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து 70 பிள்ளைகளின் மார்க்கையும் 70 துண்டுச் சீட்டில் எழுதினோம். யாரோ ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த மக்கன் பேடா டப்பா ஸ்டாஃப் ரூமில் காலியாகக் கிடந்தது. சீட்டையெல்லாம் அதில் போட்டு நன்றாகக் குலுக்கினோம்.

யோசனை இதுதான். எந்த செக்‌ஷனில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் 73 வாங்கிய பையன் பி-யில் இருந்திருந்தாலும் அதே 73-தான் வாங்கியிருப்பான். ஏ, பி என்பதெல்லாம் வெறும் ஒட்டு. ஒட்டைப் பிய்த்து, கலைத்து, திரும்ப ஒட்டினால் எவ்வளவு இடைவெளி தானாகவே வருகிறது என்று பார்த்துவிடலாம்.

டப்பாவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 36 சீட்டு எடுத்தால் அது ஒரு "போலி ஏ". மிச்சம் 34-ம் "போலி பி". மொத்தக் கூட்டல் எப்படிப் பிரித்தாலும் 4101-தான் என்பதால் ஒரு பக்கம் கூட்டினால் போதும், மற்றது கழித்தலில் வந்துவிடும். முதல் குலுக்கலில் 36 சீட்டின் கூட்டல் 2131. சராசரி 59.2, அந்தப் பக்கம் 57.9, இடைவெளி 1.3. அடுத்த குலுக்கலில் கூட்டல் 2041. இப்போது போலி பி 3.9 முன்னால். எட்டாவதோ ஒன்பதாவதோ குலுக்கலில் 2221 வந்தது. 61.7-க்கு 55.3, இடைவெளி 6.4. அந்த டீச்சர் சிரித்துவிட்டார். யாரும் பாடம் நடத்தாத ஒரு டப்பா, என்னைவிடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டியிருந்தது.

மதியத்துக்குள் 20 தடவை குலுக்கினோம். நான்கு தடவை இடைவெளி 5.4-ஐத் தாண்டியது, இரண்டு தடவை ஏ பக்கம், இரண்டு தடவை பி பக்கம். இருபது குலுக்கல் ரொம்பக் குறைவு, உறுதியாகச் சொல்லக் குறைந்தது ஆயிரம் வேண்டும், அதைக் கம்ப்யூட்டரில்தான் செய்ய முடியும். ஆனால் ஐந்து மார்க் என்பது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை என்று புரிய இதுவே போதுமானதாக இருந்தது.

குலுக்காமலும் கிட்டத்தட்ட இதே பதிலுக்கு வரலாம். தேவையானது, மார்க்கின் சிதறலை அளக்கும் திட்ட விலக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாமே போர்டில் போட்டுக் காட்டும் அதே திட்ட விலக்கம்தான். வருடா வருடம் நடத்துகிறோம், நம் மார்க் லிஸ்டுக்கு ஒரு நாளும் போட்டுப் பார்ப்பதில்லை. ஏ-க்கு 17 வந்தது, பி-க்கு 21. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி அந்தந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 289-ஐ 36-ஆல் வகுத்தால் 8, 441-ஐ 34-ஆல் வகுத்தால் 13. கூட்டினால் 21, அதன் வர்க்கமூலம் 4.6. இதற்குத் திட்டப் பிழை என்று பெயர். இதே மாதிரி சிதறல் உள்ள இரண்டு கூட்டத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால், ஒரு காரணமும் இல்லாமலே சராசரிகளின் இடைவெளி சாதாரணமாக இவ்வளவு ஆடும் என்று அர்த்தம்.

எங்கள் இடைவெளி 5.4. அதை 4.6-ஆல் வகுத்தால் 1.2. இந்த எண் 2-ஐத் தாண்டினால்தான் "சரி, இதில் ஏதோ இருக்கலாம்" என்று நிமிர்ந்து உட்காருவது வழக்கம். கம்ப்யூட்டரில் எக்செல்லைத் திறந்து, மார்க்குகளை A, B என்ற இரண்டு நெடுவரிசையில் இரண்டாவது வரியிலிருந்து போட்டு இதைத் தட்டினால் ஒரே அடியில் முடிந்துவிடும்:

```
=T.TEST(A2:A37,B2:B35,2,3)
```

கடைசிக்கு முந்தைய 2, எந்தப் பக்கம் அதிகமானாலும் கணக்கில் கொள் என்பதற்கு. 3, இரு பக்கச் சிதறலும் சமமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு. எங்களுக்கு 0.24 வந்தது. அதாவது செக்‌ஷனால் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டாலும், நூற்றுக்கு 24 தடவை இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ இடைவெளி வரும். இருபது குலுக்கலில் நான்கு வந்ததோடு ஒத்துப் போகிறது பாருங்கள். (இந்தச் சோதனைக்கு வித்திட்டவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த காசெட். 1908-இல் தன் பேரைப் போடாமல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். நம் தொழிலுக்குப் பொருத்தமான பேர்தான்.)

இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 0.24 வந்தவுடன் "அப்போ ரெண்டு செக்‌ஷனும் சமம்" என்று முடிவு கட்டக் கூடாது. 5.4-லிருந்து இரு பக்கமும் திட்டப் பிழையைப் போல இரு மடங்கு, அதாவது 9.2 தள்ளிப் பாருங்கள். ஒரு முனையில் பி 3.8 முன்னால், மறு முனையில் ஏ 14.6 முன்னால். இதற்குள் எது வேண்டுமானாலும் உண்மையாக இருக்கலாம். 70 பேரின் ஒரு பரீட்சைக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். செக்‌ஷனுக்கு 35 பேர், விலக்கம் 20-ஐ ஒட்டி இருக்கிற வகுப்பில், இடைவெளி 9 மார்க்கைத் தாண்டாத வரை யாரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆனால் கணக்குப் போடும்போதே ஒன்று என்னை உறுத்தியது. பி-க்கு மட்டும் ஏன் விலக்கம் 21? லிஸ்டைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். இரண்டு பூஜ்யம். கணக்கில் சுமாரான பிள்ளைக்கும் பத்து மார்க்காவது வரும், பூஜ்யம் வராது. விசாரித்தால் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை, இன்னொருவன் சித்தூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டான். டீச்சர் லிஸ்டில் "ஆப்சென்ட்" என்றுதான் எழுதியிருக்கிறார், கம்ப்யூட்டரில் ஏற்றியவர் பூஜ்யம் அடித்துவிட்டார். அந்த இரண்டு பேரை எடுத்துவிட்டால் அதே 1898 மார்க்கை 32 பேருக்கு வகுக்க வேண்டும். சராசரி 59.3, விலக்கம் 16. இடைவெளி 5.4 அல்ல, வெறும் 1.9. திட்டப் பிழை 4. மெமோ வாங்கும் அளவுக்குப் போன விஷயம் இரண்டு பூஜ்யத்தில் கரைந்துபோனது. அதனால் சோதனை எதையும் போடுவதற்கு முன் லிஸ்டின் அடியை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். வராதவர் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

அரையாண்டு வந்தது. ஏ 63.2, பி-யில் அதே 32 பேருக்கு 65.8. இப்போது பி 2.6 முன்னால், திட்டப் பிழையைவிடக் குறைவு என்பதால் இதையும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அந்த டீச்சர் விடவில்லை. "சார், சராசரியை ஏன் பாக்கணும்? ஒவ்வொரு புள்ளையும் எவ்வளவு ஏறிச்சுன்னு பாப்போம்" என்றார். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

ஒவ்வொருவருக்கும் அரையாண்டிலிருந்து காலாண்டைக் கழித்தோம். ஏ-யில் சராசரி ஏற்றம் 2.0, பி-யில் 6.5. இடைவெளி 4.5, அதாவது முதலில் சண்டை வந்த 5.4-ஐவிடச் சின்னது. ஆனால் விலக்கம் இரண்டு பக்கமும் 8-தான். ஏனென்றால் 90 வாங்குகிறவளுக்கும் 35 வாங்குகிறவனுக்கும் உள்ள பெரிய தூரம் கழித்தலிலேயே அடிபட்டுப் போகிறது, ஏறியதும் இறங்கியதும் மட்டும் மிஞ்சுகிறது. 64-ஐ 36-ஆல் வகுத்து, 64-ஐ 32-ஆல் வகுத்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.9. 4.5-ஐ அதனால் வகுத்தால் 2.3. கம்ப்யூட்டர் 0.02 என்றது. பேடா டப்பா நூறு குலுக்கலில் இரண்டு தடவைதான் இப்படிக் காட்டும்.

அவர் இதை ஹெச்.எம்.-இடம் கொண்டுபோகலாமா என்று கேட்டார். கொண்டுபோங்கள், ஆனால் "நான் நன்றாக நடத்தினேன்" என்று எழுதாதீர்கள் என்றேன். வெறும் தற்செயலில் இப்படி வருவது அபூர்வம் என்று தெரிந்ததே தவிர, எதனால் என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி செக்‌ஷன் பிரித்திருந்தால் வேறு விஷயம். எங்கள் பள்ளியில் ஏ ஆங்கில மீடியம், பி தமிழ் மீடியம். அதுவும் போக, காலாண்டு முடிந்ததும் டைம்டேபிளை மாற்றினார்கள். பி-க்குக் கணக்கு காலை முதல் பீரியடுக்கு வந்தது. என் ஏ-க்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், தகரக் கூரை போட்ட அறையில்.